ஐந்தாம் தேதிக்கு முன்பே ஒரு கடிதம்

சென்னையில் மாதம் 12,000 ரூபாய் வாடகையில் ஒரு குடும்பம். ஜூன் கடைசியில் கணவருக்குத் திடீரென வேலை போய்விட்டது. வாடகை கொடுக்கும் தேதி ஐந்து. இந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது, வீட்டுக்காரர் போன் செய்தால் எடுக்காமல் இருப்பது. வீட்டுக்காரருக்குப் பணம் தாமதமாவதைவிட இதுதான் பெரிய எரிச்சல். அவரும் அந்த வாடகையை நம்பி வங்கிக்குத் தவணை கட்டுபவராக இருக்கலாம்.

எனவே ஐந்தாம் தேதிக்கு முன்பே எழுதிவிட வேண்டும். கஷ்டத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு, தொகைக்கும் தேதிக்கும் வந்துவிடலாம்:

“ஐயா, வணக்கம். ஜூன் 27-ஆம் தேதியோடு என் வேலை போய்விட்டது. மனைவியின் சம்பளத்தில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்குப் பாதி வாடகை, ரூ.6,000 வீதம் ஐந்தாம் தேதியே தந்துவிடுகிறேன். பாக்கி ரூ.12,000. ஆகஸ்ட் கடைசியில் கம்பெனியிலிருந்து செட்டில்மென்ட் பணம் வரும். அதனால் செப்டம்பர் முதல் மூன்று மாதம், வாடகையோடு ரூ.4,000 சேர்த்து, ரூ.16,000 தருகிறேன். நவம்பரில் பாக்கி தீர்ந்துவிடும். நடுவில் இது முடியாது என்று தெரிந்தால் முன்கூட்டியே சொல்லி, வீட்டைக் காலி செய்துவிடுகிறேன். சம்மதம் என்றால் ஒரு வரி பதில் போடுங்கள்.”

“வேலை கிடைத்ததும் தருகிறேன்” என்று இதில் எங்கும் இல்லை. அதை எந்த வீட்டுக்காரரும் நம்பமாட்டார். செட்டில்மென்ட் வரும் என்றால் நம்புவார், நாள் சற்றுத் தள்ளிப்போனாலும் கேட்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. காலி செய்வதைப் பற்றிய வரியை எழுதக் கை கூசும். ஆனால் அவருடைய பயமே, பணமும் வராமல் வீடும் திரும்பாமல் போய்விடுமோ என்பதுதான்.

“அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று கேட்பது சுலபம். பல வீட்டுக்காரர்கள் மறுப்பார்கள், அதில் நியாயமும் உண்டு: காலி செய்யும்போது பெயின்ட், கரண்ட் பில், ரிப்பேர் எல்லாம் அதிலிருந்துதான் போகும். தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. அதைவிட அதிகம் கொடுத்தவர்கள் வேண்டுமானால் ஒரு மாத அளவுக்குக் கழிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

அதே சட்டத்தில் இரண்டு மாத வாடகை பாக்கி என்பது ஓர் எல்லைக்கோடு. அதைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போய்க் காலி செய்யச் சொல்லிக் கேட்கலாம். மேலே சொன்ன கணக்கில் பாக்கி ஒரு மாத வாடகையைத் தாண்டவே இல்லை. பாதி வாடகையாவது கொடுத்துக்கொண்டே இருப்பதன் பலன் அது. பாக்கி இருக்கிறது என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவும் வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை.

கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும், அவர் போடும் “சரி”யை அழிக்காமல் வையுங்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவே, “ஜூலை வாடகை, பாதி” என்று குறிப்பு எழுதி அனுப்புங்கள்.