லேத் பட்டறைக்கு முதல் ஆள்: விளம்பரம் எழுதும் முறை

'ஆள் தேவை. அனுபவம் உள்ளவர் நேரில் வரவும். சம்பளம் பேசிக்கொள்ளலாம்.' கோவையின் லேத் பட்டறைகளில் ஷட்டரை ஒட்டித் தொங்கும் அட்டைகளில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். முதலாளி ஒருவரே டர்னராகவும் இருக்கும் பட்டறையில், வருகிற ஒவ்வொரு போனுக்கும் மிஷினை நிறுத்த வேண்டியிருக்கும்.

முதல் ஆளை எடுக்கும்போது எழுத்தைவிட முந்திய வேலை ஒன்று உண்டு. இதுவரை தனியாகச் செய்துவந்த வேலைகளில் எதைக் கைமாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு வாரம் நேரத்தைக் குறித்துவைத்தால் அது தெரிந்துவிடும். பார் வெட்டுவது, டிரில் போடுவது, பிசிறு எடுப்பது, முடிந்த ஜாபைக் கம்பெனிக்குக் கொண்டுபோவது ஆகியவையே பாதி நாளைத் தின்கின்றன என்றால் தேவைப்படுவது ஹெல்பர். முதலாளி ஆர்டருக்கு அலையும் நேரத்தில் மிஷின் சும்மா கிடக்கிறது என்றால் தேவைப்படுவது டர்னர்.

இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. டர்னர் என்று எழுதி எடுத்துவிட்டு, பாதி நாள் டெலிவரிக்கு அனுப்பினால் அவர் அதிக நாள் நிற்க மாட்டார்.

தகுதியை எழுதும்போது, வரும்போதே தெரிந்திருக்க வேண்டியதையும் வந்தபின் கற்றுக்கொள்ளக்கூடியதையும் பிரித்துவிடலாம். வெர்னியர் பார்ப்பதைச் சில நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம்; ஹெல்பருக்கு அதை நிபந்தனையாக்கினால் நல்ல ஆள் சிலர் அழைக்காமலே போவார்கள். டூவீலர் லைசென்ஸ் அப்படியல்ல, டெலிவரி உண்டென்றால் முதல் நாளே வேண்டும். டர்னருக்கு '5 ஆண்டு அனுபவம்' என்று கேட்பதிலும் பெரிய பயனில்லை. ஐந்து ஆண்டும் ஒரே பார்ட்டை மாட்டிக் கழற்றியவரும் அதில் அடங்குவார். 'டிராயிங் பார்த்துத் தானே ஜாப் செட் செய்யத் தெரிய வேண்டும்' என்றால் வர வேண்டியவர் வருவார்.

சம்பளத்தை மறைப்பதால் லாபம் எதுவும் இல்லை. இப்போது வேலையில் இருக்கும் நல்ல ஆள், தொகை தெரியாத இடத்துக்கு அரை நாள் லீவு போட்டு வரமாட்டார். எழுதும் தொகை அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. பெரிய கம்பெனி விளம்பரத்தைப் பார்த்து 'பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு' என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. பொதுவாக இ.எஸ்.ஐ. 10 பேர் வேலை செய்யும் இடத்திலும், பி.எஃப். 20 பேர் உள்ள இடத்திலும்தான் கட்டாயம். ஓராள் பட்டறை அதை வாக்களித்தால் காப்பாற்றியாக வேண்டும்.

'ஆண்கள் மட்டும்' என்பதும் பழக்கத்தில் வந்துவிடும் வரி. ஆள் எடுப்பதில் பெண்களிடம் பாகுபாடு காட்டுவதை 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே தடுத்தது. பளு தூக்க வேண்டுமென்றால் பளுவின் எடையை எழுதினால் போதும், முடிந்தவர் வருவார். '18 வயது நிறைந்தவர்' என்பது மட்டும் இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்து எழுதினால் ஹெல்பருக்கான விளம்பரம் இப்படி அமையும். சம்பளத் தொகை உதாரணத்துக்கு.

'கணபதியில் லேத் பட்டறைக்கு ஹெல்பர் ஒருவர் தேவை. பார் வெட்டுவது, டிரில், பிசிறு எடுப்பது, முடிந்த ஜாபை வண்டியில் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. 20 கிலோ வரை தூக்க வேண்டியிருக்கும். 18 வயது நிறைந்தவர், டூவீலர் லைசென்ஸ் அவசியம். லேத் வேலை தெரியாவிட்டாலும் கற்றுத் தரப்படும். காலை 9 முதல் மாலை 6 வரை, மதியம் ஒரு மணி நேரம் இடைவேளை, ஞாயிறு விடுமுறை. மாதம் ரூ.16,000; ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. பட்டறையில் முதலாளியும் நீங்களும் மட்டுமே. மாலை 6 முதல் 8 வரை அழைக்கவும்.'

'முதலாளியும் நீங்களும் மட்டுமே' என்ற வரியை விட்டுவிடத் தோன்றும். ஆனால் கூட்டத்தோடு வேலை செய்து பழகியவர் முதல் நாள் மதியமே திரும்பிப் போவதை அது தவிர்க்கும். அழைக்கும் நேரத்தைக் குறிப்பிட்டதால் பகலில் மிஷின் நிற்காது.

இதே வாசகத்தை ஷட்டரில் ஒட்டலாம், அருகிலுள்ள ஐ.டி.ஐ.யில் கொடுக்கலாம், வாட்ஸ்அப் குழுக்களில் போடலாம். நாளிதழ் வரி விளம்பரத்துக்குச் சுருக்க நேர்ந்தால் வேலை, இடம், சம்பளம் மூன்றும் நிற்க வேண்டும், மற்றவை போகலாம்.

வருகிற போன்களைக் கொண்டே விளம்பரத்தைத் திருத்தலாம். பலர் ஒரே கேள்வியைக் கேட்டால், எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்குவது என்பதுபோல, அதற்குரிய பதில் விளம்பரத்தில் விடுபட்டிருக்கிறது. யாருமே அழைக்காவிட்டால் சம்பளத்தை அக்கம்பக்கத்துப் பட்டறைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நிறையப் பேர் நேரில் வந்தும் பட்டறையைப் பார்த்ததுமே விலகினால், அங்கே கண்ணில் படுகிற ஏதோ ஒன்று விளம்பரத்தில் இல்லை.