உப்புமா: வறு, தாளி, வதக்கு, கிளறு

சமையல் குறிப்புகளில் ரவா உப்புமாவுக்கு நான்கு வரிதான் இருக்கும். ரவையை வறுக்கவும், தாளிக்கவும், வெங்காயத்தை வதக்கவும், தண்ணீர் கொதித்ததும் ரவையைத் தூவிக் கிளறவும். சமைத்துப் பழகியவருக்கு அது போதும். முதன்முதலாக அடுப்படியில் நிற்பவருக்கோ ஒவ்வொரு சொல்லிலும் ஒரு கேள்வி எழும்: எதுவரை? அந்த ‘எதுவரை’ தெரிந்தால் உப்புமா வந்துவிடும்.

இரண்டு மூன்று பேருக்கு இந்த அளவு சரியாக இருக்கும். ரவை 1 டம்ளர், தண்ணீர் அதே டம்ளரால் இரண்டரை. டம்ளர் பெரிதா சிறிதா என்பது முக்கியமில்லை. இரண்டையும் ஒரே டம்ளரால் அளக்க வேண்டும். பெரிய வெங்காயம் 1, பச்சை மிளகாய் 2, சுண்டு விரல் நுனியளவு இஞ்சி, ஒரு கொத்து கறிவேப்பிலை. எண்ணெய் 3 மேசைக்கரண்டி. கடுகு அரைத் தேக்கரண்டி, கடலைப் பருப்பும் உளுத்தம் பருப்பும் ஒவ்வொரு தேக்கரண்டி. மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி. இரண்டையும் மாற்றிக்கொண்டால் எண்ணெய் மிதக்கும், இல்லாவிட்டால் அடிபிடிக்கும். அடுப்பை ஏற்றுவதற்கு முன்பே வெங்காயம், மிளகாய், இஞ்சியைப் பொடியாக நறுக்கி வையுங்கள். தாளிப்பு தொடங்கிவிட்டால் கத்தியைத் தேட நேரமிருக்காது.

முதலில் வறுங்கள். வாணலியில் எண்ணெய் விடாமல் ரவையைப் போட்டு, சிறு தீயில் கைவிடாமல் புரட்டுங்கள். நான்கைந்து நிமிடத்தில் மணம் எழும். கரண்டியால் தள்ளினால் ரவை மணல்போலச் சரசரவென்று சரியும். நிறம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். மணம் வந்ததும் தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலியிலேயே விட்டுவைத்தால் அடுப்பை அணைத்த பிறகும் அந்தச் சூட்டில் சிவந்துவிடும்.

அடுத்து தாளியுங்கள். எண்ணெய் காய்ந்ததும் ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள். அது வெடித்தால் மீதியையும் போடலாம்; அப்படியே கிடந்தால் எண்ணெய் இன்னும் காயவில்லை. வெடிக்காத கடுகு வாயில் கசக்கும். வெடிக்கும் சத்தம் அடங்கத் தொடங்கியதும் தீயைக் குறைத்துக் கடலைப் பருப்பு, பின்னால் உளுத்தம் பருப்பு. உளுந்து சீக்கிரம் சிவக்கும் என்பதால்தான் இந்த வரிசை. பொன்னிறம் வந்த கணமே மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலையைச் சேருங்கள். கறிவேப்பிலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

வதக்குவது வறுப்பதைப் போன்றதல்ல. வறுப்பதில் ஈரம் போய்ப் பொருள் மொறுமொறுப்பாகிறது. வதக்கினால் எண்ணெயில் தளர்ந்து மென்மையாகிறது. வெங்காயத்தின் வெண்மை மறைந்து கண்ணாடிபோல் ஆனால் உப்புமாவுக்குப் போதும். பிரியாணிக்குப்போலச் சிவக்க விட்டால் இனிப்புத் தூக்கி நிற்கும்.

இப்போது தண்ணீரை ஊற்றி, 1 தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொதிக்க விடுங்கள். கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஆற்றிச் சுவைத்துப் பாருங்கள். உப்பு ஒரு பிடி தூக்கலாகத் தெரிய வேண்டும். ரவை சேர்ந்ததும் சரியாகிவிடும்.

உப்புமா கெட்டுப்போவது பெரும்பாலும் அடுத்த அரை நிமிடத்தில்தான். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது தீயைக் குறையுங்கள். ஒரு கையால் ரவையை மழைச்சாரல்போலத் தூவுங்கள், மறு கையால் கிளறிக்கொண்டே இருங்கள். மொத்தமாகக் கொட்டினால் குவியலின் மேற்புறம் மட்டும் உடனே வெந்து பசையாகி மூடிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் போகாது. உடைத்துப் பார்த்தால் நடுவில் மாவு மாவாக இருக்கும் கட்டிகள் அப்படித்தான் உண்டாகின்றன. வறுத்த ரவை இவ்வளவு சீக்கிரம் பசையாகாது. முதலில் வறுக்கச் சொன்னதற்கு மணம் மட்டும் காரணமில்லை.

தண்ணீர் வற்றி, கரண்டியோடு உப்புமா திரண்டு வரும்போது மூடி போட்டு, மிகச் சிறு தீயில் 3 நிமிடம் விடுங்கள். பிறகு அணைத்து, 5 நிமிடம் திறக்காமல் வையுங்கள். ஆவியில் உள்வரை வெந்து பொலபொலவென்றாகும்.

திறந்து பார்க்கையில் இறுகியிருந்தால் கால் டம்ளர் வெந்நீர் தெளித்து மறுபடி மூடுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டாம். தளர்ந்திருந்தால் மூடியில்லாமல் சிறு தீயில் இரண்டு நிமிடம் கிளறினால் சரியாகும், ஆறும்போதும் கொஞ்சம் இறுகும். சம்பா கோதுமை ரவையில் செய்வதானால் தண்ணீரும் வேகும் நேரமும் இதைவிடக் கூடுதலாக வேண்டும். ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்து, நடுவில் கடினம் இல்லையென்றால் இறக்குங்கள்.