கல்லுக்குள் கலந்த இரும்பு

பச்சைப் பெரிடாட் கல் ஒன்றைத் தராசில் வைத்தால் 10 காரட் காட்டுகிறது. அதையே மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் 7 காரட்தான். குறைந்த 3 காரட், கல் ஒதுக்கித் தள்ளிய தண்ணீரின் எடை. 10ஐ 3ஆல் வகுத்தால் வரும் 3.33தான் கல்லின் அடர்த்தி. கல்லை உடைக்காமலே, உள்ளே எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று இந்த ஒரே எண்ணை வைத்துச் சொல்லிவிடலாம்.

பெரிடாட் என்பது ஆலிவைன் கனிமத்தில் நகைக்கு ஆகும் வகை. ஒரு சிலிக்கான் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள். இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு இடையே உலோக அணுக்களுக்கென்று இடங்கள். அந்த இடத்தில் மக்னீசியமும் அமரலாம், இரும்பும் அமரலாம். இரண்டுக்கும் மின்னூட்டம் ஒன்றே, பருமனும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் எந்த விகிதத்தில் கலந்தாலும் படிகத்தின் கட்டமைப்பு குலைவதில்லை. தண்ணீரில் சர்க்கரை கரைவது போலத்தான், ஆனால் இங்கே எல்லாமே திடப்பொருள். எனவே இதைத் திண்மக் கரைசல் என்கிறார்கள்.

முழுக்க மக்னீசியமாக இருந்தால் அது ஃபார்ஸ்டெரைட், Mg2SiO4, அடர்த்தி 3.22. முழுக்க இரும்பானால் ஃபயலைட், Fe2SiO4, அடர்த்தி 4.39. இரும்பணு மக்னீசிய அணுவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கனமானது. ஆனால் அது அமர்வதால் படிகம் பெருப்பது 6 சதவீதம்தான். எடை ஏறுகிறது, இடம் ஏறவில்லை. அடர்த்தி கூடுவதற்குக் காரணம் இதுவே. இந்த ஏற்றம் ஏறக்குறைய நேர்கோட்டில் போவதால் கணக்கும் எளிது. நம் கல் 3.22ஐ விட 0.11 அதிகம், முழு வித்தியாசம் 1.17. ஆக, நூறு உலோக இடங்களில் ஒன்பதில் இரும்பு இருக்கிறது.

நிறமும் அந்த ஒன்பதின் வேலைதான். தூய ஃபார்ஸ்டெரைட்டுக்கு நிறமே கிடையாது. இரும்பு, ஒளியின் சிவப்பு முனையிலும் நீலப் பகுதியிலும் சிறிது விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது மஞ்சள் கலந்த பச்சை. பத்து சதவீதத்தை ஒட்டி இரும்பு இருக்கும்போது கண்ணுக்கு இதமான பச்சை கிடைக்கும். அதற்கு மேல் போகப் போகக் கல் பழுப்பேறி இருண்டுவிடும்.

எல்லாக் கனிமமும் இப்படி நிறத்தால் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. பிளேஜியோக்ளேஸைப் பாருங்கள். அதில் இடம் மாற்றிக்கொள்பவை சோடியமும் கால்சியமும். கால்சியத்துக்கு மின்னூட்டம் ஒன்று கூடுதல் என்பதால், அது வரும்போது பக்கத்தில் ஒரு சிலிக்கான் விலகி அலுமினியத்துக்கு வழிவிட வேண்டும். இந்த நால்வரில் யாருக்கும் நிறம் தரும் குணமில்லை. அதனால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனாலும் வெள்ளை, சாம்பல் என்றே இருக்கும். வேறு நிறம் தென்பட்டால் அது பெரும்பாலும் உள்ளே சிக்கிய அயல் துகள்களாலோ உள்ளடுக்குகளாலோ வருவது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் வெளிர் அனார்த்தோசைட் பாறை கால்சியம் மிகுந்த பிளேஜியோக்ளேஸால் ஆனது. நிலவின் மேட்டு நிலப் பாறையை அது ஒத்திருப்பதால்தான், சந்திரயான் சோதனைகளுக்கு வேண்டிய செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ அதிலிருந்து தயாரித்தது. அந்தப் பொருத்தத்தை வெண்மையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அடர்த்தியும் பெரிதாக உதவாது. சோடிய முனையில் 2.62, கால்சிய முனையில் 2.76, மொத்த இடைவெளியே 0.14. நூலில் ஒட்டிய ஒரு காற்றுக்குமிழியால் அளவு 0.01 பிசகினால், ஆலிவைனில் கணக்கு ஒரு சதவீதம்கூடத் தவறாது. பிளேஜியோக்ளேஸில் ஏழு சதவீதம் தவறிவிடும். அங்கே வேதிப் பகுப்பாய்வுதான் வழி.

ஆலிவைனிலும் ஒரு பொறி உண்டு. இலங்கையின் ரத்தினக்கல் சரளைகளில் கிடைத்த சில பழுப்புக் கற்களை நெடுங்காலம் இரும்பு மிகுந்த பெரிடாட் என்றே விற்றார்கள். அவற்றின் அடர்த்தி சுமார் 3.48. நம் கணக்கைப் போட்டால் 22 சதவீத இரும்பு வருகிறது. பழுப்பு நிறமும் அதற்குப் பொருந்துகிறது. ஒளிவிலகல் எண்கூட அவ்வளவாக முரண்படாது. ஆனால் 1952இல் லண்டனில் கிளாரிங்புல், ஹே இருவரும் அதை ஆராய்ந்தபோது சிலிக்கான் அதன் அமைப்பிலேயே இல்லை என்று தெரிந்தது. மக்னீசியம், அலுமினியம், போரான் சேர்ந்த புதிய கனிமம் அது. சின்ஹலைட் என்று பெயரிட்டார்கள். கனிமம் எது என்று உறுதியான பிறகே அடர்த்திக் கணக்கு செல்லும்.

பழுப்புப் பெரிடாட் என்று யாராவது நீட்டினால், நிறமாலைமானி வைத்திருக்கும் ரத்தினப் பரிசோதகரிடம் கொண்டுபோங்கள். நீலப் பகுதியில் பெரிடாட் மூன்று கரும்பட்டைகளைக் காட்டும். சின்ஹலைட்டில் 463 நானோமீட்டரில் நான்காவது ஒன்று இருக்கும்.