மாஸ்டருக்கு 15 மணி நேர வேலை

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் சூளையை மூட்டினால், பிறகு அதை ஆறவிட்டுத்தான் திறப்பார்கள். அதே ஊரில் ரயில் பயணிகளையும் கோயிலுக்கு வருபவர்களையும் நம்பி நடக்கும் ஓட்டல்களின் அடுப்புக்கு அந்த ஆறுதல் இல்லை. விடியலில் இட்லி, மதியம் சாப்பாடு, இரவு பரோட்டா என்று எரிந்துகொண்டே இருக்கும்.

ஒரு சின்ன ஓட்டலை எடுத்துக்கொள்வோம். மாஸ்டர் காலை நாலரைக்கு வந்து மூன்று மணிக்குக் கரண்டியை வைக்கிறார். மறுபடி ஆறு முதல் பதினொன்று வரை நிற்கிறார். சாப்பிடும் நேரம் போக 15 மணி நேரம். ஆறு நாளுக்கு 90. இடையில் மூன்று மணி நேரம் ஓய்வு கொடுப்பதாக முதலாளி சொல்வார். வீட்டுக்குப் போய்க் குளித்து, கண் அசருவதற்குள் அது தீர்ந்துவிடும். இரவுத் தூக்கமோ நான்கு, ஐந்து மணி நேரம்தான். வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து கூடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2021-இல் எச்சரித்தது.

இந்தச் சோர்வு முதலில் கையில் தெரியும். சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழும், எண்ணெய்ச் சூடு அடிக்கடி படும். அடுத்து, சப்ளையர்மேல் எரிந்து விழுவார். பிறகு எது எப்படிப் போனாலும் கவலைப்படாத நிலை வரும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு திட்டுவதுதான் பல முதலாளிகள் செய்யும் தவறு. விளைவு, ஒருநாள் மாஸ்டர் சொல்லாமல் நின்றுவிடுகிறார்.

செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு நாளை இரண்டாக வெட்டுவது. ஒருவர் ஐந்து முதல் இரண்டு வரை, இன்னொருவர் இரண்டு முதல் பதினொன்று வரை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போனால் ஆளுக்கு எட்டு மணி நேரம், வாரம் 48. சாம்பார், ரசம், கூட்டு எல்லாம் பன்னிரண்டுக்குள் முடிந்துவிடுவதால் இரண்டு மணிக்கு ஆள் மாறினாலும் பந்தி தடைபடாது. மறுநாள் மாவை மாலை ஆளே ஆட்டி வைத்துவிட்டால் விடியலில் வேலை குறையும்.

இரண்டாவது சம்பளத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. இரவில் எந்தப் பலகாரம் எத்தனை தட்டு போகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். போகாததை நிறுத்தினால் சரக்கும் கேஸும் மிச்சமாகும். அப்போதும் கட்டுப்படியாகாவிட்டால் காலைக் கடையையோ இரவுக் கடையையோ மூடத்தான் வேண்டும். ஒரே ஆளை வைத்து மூன்று வேளையும் நடத்துவது அவர் உடம்பிலிருந்து எடுக்கும் கடன்.

வார விடுமுறை கிடைக்க, உதவியாளருக்குக் குறைந்தது சாம்பாரும் சட்னியும் கைவர வேண்டும். அன்று பலகாரத்தைச் சுருக்குங்கள், மாஸ்டருக்குப் போன் போடாதீர்கள். அடுப்படியில் புகைபோக்கி விசிறி ஓடட்டும். கால் மணிக்கு ஒரு டம்ளர் குடிக்கத் தண்ணீர் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கொடுத்த அட்வான்ஸை நோட்டில் எழுதி, மாதம் எவ்வளவு பிடிப்பது என்று இருவரும் பேசி முடிவெடுங்கள். கடன் பயத்தில் லீவு கேட்காதவர்கள் நிறையப் பேர்.

ஓய்வு கொடுத்தும் மாஸ்டர் தூக்கம் வரவில்லை, குடி கூடுகிறது, சாகலாம் போலிருக்கிறது என்று பேசுகிறார் என்றால் அது லீவால் தீராது. அரசு மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். இரவில் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.