உம்ரா பயணத்தில் உங்கள் கைப்பேசி எண்

உம்ரா செல்வோருக்கு நாங்கள் சொல்வது: ஊர் சிம்மைக் கழற்றாதீர்கள். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். புறப்படும் முன்பே ரோமிங் சேவையைப் பெற்றுக்கொண்டு, கைப்பேசியில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். துபாயில் விமானம் மாறும்போதும் குறுஞ்செய்தி வரும். டேட்டா கட்டணம் ஏறாது. அழைப்பை எடுத்தால் பணம் பிடிப்பார்கள்.

ஜித்தாவில் இறங்கியதும் சவூதி சிம் வாங்கி இரண்டாவது இடத்தில் போடலாம். பாஸ்போர்ட்டும் கைரேகையும் கேட்பார்கள். ரேகை தேய்ந்த முதியவர்களுக்குப் பதியாமல் போனால், உடன் வருபவரின் ஹாட்ஸ்பாட் போதும்.

இ-சிம் ஏற்கும் கைப்பேசியானால் வீட்டு வைஃபையிலேயே ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் டேட்டா மட்டும் தரும் இ-சிம்மில் சவூதி எண் இருக்காது. ஹோட்டலுக்கோ ஓட்டுநருக்கோ சாதாரண அழைப்புப் போகாது.

புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். பழைய எண்ணிலேயே வீட்டாருக்குச் செய்தி அனுப்பலாம்.