ஒரு நேரத்தில் ஒரே ஒரு மூலிகை

ஆடிப் பதினெட்டையொட்டிக் கொல்லிமலைக்குச் செல்வோர் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, அறப்பளீசுவரரை வணங்கி, ஆகாய கங்கையில் நீராடித் திரும்பும்போது கையில் சில பொட்டலங்களும் இருப்பது வழக்கம். முடவாட்டுக்கால் கிழங்கு, சிறுகுறிஞ்சான் பொடி, சீந்தில் பொடி, மூட்டுவலிக்கென்று ஒரு சூரணம் என அவை பலவகைப்படும். இவற்றை வாங்குவதைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. வாங்கிய அனைத்தையும் ஒரே வாரத்தில் உண்ணத் தொடங்குவதால் நேரும் இடர்ப்பாட்டைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

ஐந்து பொருட்கள், ஒரு மஞ்சள் காமாலை

பல நோயாளிகளிடம் நாங்கள் கண்டவற்றை ஒருவருடைய கதையாகச் சேர்த்துச் சொல்கிறோம். அவர் 52 வயதுப் பெண்மணி. முழங்கால் வலி உள்ளவர். மலையிலிருந்து திரும்பியதும் முடவாட்டுக்கால் சூப், சீந்தில் பொடி, பெயரெழுதாத மூட்டுவலிச் சூரணம் ஆகிய மூன்றையும் ஒருசேரத் தொடங்கினார். நோய் எதிர்ப்பாற்றலுக்காக மகன் வாங்கித் தந்த ‘கிலோய்’ மாத்திரையும் அதே வாரத்தில் சேர்ந்தது. 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் பழகிய கபசுரக் குடிநீரையும் அவர் விடவில்லை.

ஏழாவது வாரத்தில் பசி குன்றியது. தாளிக்கும் மணமே குமட்டலைத் தந்தது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போயிற்று. பின்னர்க் கண்கள் மஞ்சளாயின. கல்லீரல் செல்கள் சிதைவதைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு சுமார் 40க்குள் இருக்க வேண்டும். அவருக்கு 900ஐ நெருங்கியிருந்தது. மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான சோதனைகளில் எதுவும் தென்படவில்லை. ஸ்கேனில் பித்தநாள அடைப்பும் இல்லை. ஐந்து பொருட்களையும் நிறுத்தச் சொன்னோம். கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழப் பத்து வாரங்கள் ஆயின.

குணமடைந்தபின் அவர் கேட்டது ஒரே கேள்வி: “எது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, டாக்டர்? முழங்காலுக்கு அந்தச் சூப்பையாவது குடிக்கலாமா?” எங்களால் விடை கூற இயலவில்லை. ஒவ்வொன்றாக மீண்டும் கொடுத்துப் பார்த்தால் தெரியாதா என்று நீங்கள் எண்ணலாம். அது ஆபத்தான சோதனை. ஒருமுறை கல்லீரலைத் தாக்கிய பொருளை மறுபடி உண்டால், பாதிப்பு முன்னைவிட விரைவாகவும் கடுமையாகவும் வரக்கூடும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்க்கும் வாய்ப்பு தொடக்கத்தில் மட்டுமே உண்டு. அதைத் தவறவிட்டால், குற்றமற்ற பொருளையும் சேர்த்து ஐந்தையும் வாழ்நாள் முழுவதும் விலக்க வேண்டியதாகிறது.

பெயர் வேறு, செடி ஒன்று

அவர் ஐந்து பொருட்களை உண்டதாக எண்ணினார். உண்மையில் ஒரே செடியை மூன்று வழிகளில் உண்டிருக்கிறார். சீந்திலுக்கு அமிர்தவல்லி என்றும் பெயருண்டு. வடமொழியில் குடூசி, இந்தியில் கிலோய். பொட்டலத்திலும் மாத்திரையிலும் இருந்தது அதுவே. கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளுள்ளும் சீந்தில் ஒன்று. ஒவ்வொரு பொருளின் அளவும் தனித்தனியே குறைவாகத் தோன்றினாலும் கூட்டுத்தொகை அவ்வாறன்று. இதைப்போலவே கபசுரக் குடிநீரையும் நிலவேம்புக் குடிநீரையும் ஒருங்கே பருகுவோர் நிலவேம்பு, சுக்கு, கோரைக்கிழங்கு ஆகியவற்றை இருமுறை உட்கொள்கிறார்கள்.

சீந்திலை நாங்கள் ஐயுறுவதற்குக் காரணம் உண்டு. கொரோனாக் காலத்தில் அதனை உண்டு கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். 2022இல் நாட்டின் 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 பேரைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்கும் இயல்பு அவர்களுள் பலரிடம் காணப்பட்டது. சீந்திலைப் போலவே தோற்றமளிக்கும் வேறொரு கொடி கலந்திருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுப்புத் தெரிவித்தது. இந்த விவாதத்திலிருந்து நோயாளி அறிய வேண்டியது ஒன்றுண்டு: பொடியாக அரைத்தபின் உள்ளே இருப்பது எந்தக் கொடி என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

எனினும் இப்பெண்மணிக்குத் தீங்கு செய்தது சீந்தில்தான் என்றும் நாங்கள் தீர்ப்பளிக்க இயலாது. பெயரெழுதாத சூரணத்தில் என்ன இருந்தது என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

ஒவ்வொன்றாகத் தொடங்கும் முறை

மூலிகைப் பொருள் உண்பதென நீங்கள் முடிவு செய்தால், முதலில் உங்கள் மருத்துவரிடம் சொல்லி, கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். பின்னால் ஒப்பிடுவதற்கு இந்தத் தொடக்க அளவு வேண்டும். பின்னர் ஒரே ஒரு பொருளை மட்டும் தொடங்கி, நாளையும் அளவையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

அடுத்த பொருளுக்கு எவ்வளவு காலம் காத்திருப்பது? தீங்குகள் எல்லாம் ஒரே வேகத்தில் வருவதில்லை. தோல் தடிப்பும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தெரிந்துவிடும். சர்க்கரை மாத்திரை உண்போர் சிறுகுறிஞ்சானைச் சேர்த்தால் முதல் வாரங்களிலேயே சர்க்கரை தாழலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். ஆதலால் முதல் இரு வாரங்கள் வீட்டிலேயே சர்க்கரை அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். கல்லீரல் பாதிப்போ சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை மறைந்திருந்து வெளிப்படும். பத்து நாட்கள் நலமாக இருந்தோம் என்று இரண்டாவது பொருளைச் சேர்த்தால், ஐயம் மீண்டும் இரண்டாகப் பிரிந்துவிடும். எனவே நான்காம் வாரத்திலும் எட்டாம் வாரத்திலும் எஸ்.ஜி.பி.டி. பார்த்து, இரண்டும் சீராக இருந்த பின்னரே அடுத்ததைப் பற்றிச் சிந்திக்குமாறு சொல்கிறோம். அதற்குப் பின்னும் பாதிப்பு வர இயலும். ஆனால் அப்போது ஐயுற வேண்டிய பொருட்கள் மிகச் சிலவே.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. கூட்டுச் சூரணத்தைத் தனியாக உண்டாலும் அது ஒரு பொருளாகிவிடாது. மூலப்பொருட்கள், உரிம எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி ஆகியவை அச்சிடப்படாத பொட்டலத்தைச் சோதித்துப் பார்க்கவே வேண்டாம். கல்லீரல் நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள், கருவுற்றவர்கள், இரத்தம் உறையாமைக்கு மாத்திரை உண்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் இதைத் தாமாகச் செய்து பார்க்கலாகாது.

பசியின்மை, ஓயாத குமட்டல், தோல் அரிப்பு, கருத்த சிறுநீர் இவற்றுள் ஒன்று தோன்றினாலும், கண் மஞ்சளாகும்வரை காத்திராமல் மூலிகைப் பொருளை நிறுத்திவிட்டு அன்றே வாருங்கள். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். மீதமுள்ள பொடியையும் அதன் உறையையும் எறிந்துவிடாமல் கையோடு எடுத்து வாருங்கள். துணைக்கு வருபவர், வீட்டில் உண்ணப்பட்ட ஒவ்வொன்றையும் தொடங்கிய நாளோடு ஒரு தாளில் எழுதி வந்தால், நாங்கள் முதலில் படிப்பது அந்தத் தாளாகத்தான் இருக்கும்.