ஓடி நின்றபின் நாடி சொல்லும் கணக்கு

ஓட்டம் முடிந்தவுடன் ஒரு மாணவனின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினால், அவனுடைய இருதயம் அப்பொழுது எவ்வளவு விரைந்து துடிக்கிறது என்பது விளங்கும். ஆயினும் அவ்வெண் ஒன்றே அவனுடைய உடல்திறனை அறிவித்துவிடாது. பயிற்சியை நிறுத்தியபின் அவ்வேகம் எவ்வாறு தணிகின்றது என்பதே அதனினும் பயனுள்ள செய்தியாகும். டில்லியிலோ, மும்பையிலோ, நாகபுரியிலோ படிக்கும் நம் பிள்ளைகள் பள்ளி விஞ்ஞானக் கண்காட்சிக்காக இப்பரிசோதனையை மேற்கொள்ளும்போது, வீட்டில் துணை நிற்கும் பெற்றோரும் இதன் முறையை அறிந்திருத்தல் நன்று. ஏனெனில், எண்களைத் தவறாகப் படித்தால், நல்ல உடல்நலமுள்ள சிறுவன் ஒருவன் ‘பலவீனன்’ என்று வகுப்பினர் முன்னிலையில் பெயர் பெற நேரிடும்.

இம்முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியன் புரூஹா என்னும் ஆராய்ச்சியாளர் 1943-ஆம் ஆண்டில் ஒரு படியேற்றச் சோதனையை வெளியிட்டார். இருபது அங்குல உயரமுள்ள பலகையின்மீது நிமிடத்திற்கு முப்பது முறை வீதம் ஐந்து நிமிடம் ஏறி இறங்கவேண்டும். பின்னர் அமர்ந்துகொண்டு, தணிந்துவரும் நாடியை மும்முறை எண்ணவேண்டும். அச்சோதனை வாலிபர்களுக்காக வகுக்கப்பெற்றது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு மிகவும் கடினமானது. ஆதலின் பள்ளியில் முப்பது சென்டிமீட்டர் உயரமுள்ள உறுதியான படியில், நிமிடத்திற்கு இருபத்து நான்கு முறை வீதம் மூன்று நிமிடம் ஏறி இறங்கினால் போதும்.

நாடி தணிவது ஏன்? இருதயத்தின் வேகத்தை அடக்கிவைப்பது வேகஸ் என்னும் நரம்பு. பயிற்சி தொடங்கியவுடன் அதன் பிடி தளர்கின்றது. வேகத்தைத் தூண்டும் நரம்புகளும் அட்ரினலின் என்னும் சுரப்பும் மேலோங்குகின்றன. பயிற்சி நின்றதும் வேகஸ் நரம்பு மீண்டும் தன் பிடியை இறுக்குகின்றது. முதல் நிமிடத்தில் நாடி விரைந்து இறங்குவதற்கு இதுவே முதன்மையான காரணம். அதன்பின் எஞ்சிய வேகம் மெதுவாகவே குறைகின்றது. இரத்தத்தில் உள்ள அட்ரினலின் குறையவேண்டும், உடலின் வெப்பமும் தணியவேண்டும். எனவே முதல் நிமிட இறக்கத்தையும் பிந்திய இறக்கத்தையும் தனித்தனியே குறித்தல் வேண்டும்.

இனி எண்ணும் முறையைக் காண்போம். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் நாடி தெளிவாகத் தெரியும் இடத்தைப் பயிற்சிக்கு முன்னரே கண்டு, மையால் ஒரு புள்ளி இட்டுவைக்கவேண்டும். பயிற்சி முடிந்தபின் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தால், அதற்குள் நாடி இறங்கிவிடும். இரு விரல்களை அங்கே வைத்து எண்ணுக. எண்ணுபவரின் கட்டைவிரலை வைத்தால் அதன் துடிப்பே குழப்பம் விளைவிக்கும். முழு நிமிடமும் தொடர்ந்து எண்ணலாகாது. நாடி 160-இலிருந்து 120-க்கு இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு நிமிடம் எண்ணினால், இடைப்பட்டதோர் எண்ணே கிடைக்கும். உச்சமும் தெரியாது, இறக்கமும் தெரியாது. ஆகவே நின்றவுடன் 15 விநாடியும், ஒரு நிமிடம் கழிந்தபின் 15 விநாடியும், இரண்டு நிமிடம் கழிந்தபின் 15 விநாடியும் எண்ணி, ஒவ்வொன்றையும் நான்கால் பெருக்குக. எல்லாச் சோதனைகளிலும் ஒரே வகையாக நாற்காலியில் அமர்ந்தே எண்ணுக; நின்றுகொண்டிருந்தால் இரத்தம் கால்களில் தேங்குவதால் நாடி மெதுவாகவே தணியும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு மாணவனுக்கு ஓய்வில் நாடி நிமிடத்திற்கு 80. முதல் நாள் அவன் படியேறி இறங்குகிறான். நின்றவுடன் 144, ஒரு நிமிடத்தில் 108. இரண்டாம் நாள் அறுபது மீட்டர் தூரம் முழு வேகத்தில் மும்முறை ஓடுகிறான். நின்றவுடன் 160, ஒரு நிமிடத்தில் 124. மூன்றாம் நாள் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் அமர்ந்தாற்போல் முழங்காலை மடக்கி அசையாது நிற்கிறான். முடிந்தவுடன் 112, ஒரு நிமிடத்தில் 84.

இறக்கத்தை மட்டும் நோக்கினால் படியேற்றத்தில் 36, ஓட்டத்தில் 36, அசையா நிலையில் 28. அசையா நிலையில்தான் நாடி தாமதமாகத் தணிந்தது என்று எழுதத் தோன்றும். அது தவறு. அங்கே நாடி ஓய்வு நிலைக்கு மேல் 32 மட்டுமே ஏறியிருந்தது. அதில் 28, அஃதாவது எட்டில் ஏழு பங்கு, ஒரு நிமிடத்தில் இறங்கிவிட்டது. படியேற்றத்தில் 64 ஏறி 36 இறங்கியது. பாதிக்குச் சற்று அதிகம். ஓட்டத்திலோ 80 ஏறி 36 இறங்கியது, பாதிக்கும் குறைவு. ஏறியதில் எத்தனை பங்கு இறங்கியது என்று கணக்கிட்டால்தான் வெவ்வேறு பயிற்சிகளை ஒப்பிட இயலும்.

அப்படியாயின், ஓட்டத்தைவிடப் படியேற்றத்தில் நாடி விரைந்து தணிகின்றது என்று முடிவு கட்டலாமா? இங்கே பொறுத்தல் வேண்டும். 15 விநாடியில் ஒரு துடிப்பைத் தவறவிட்டால், நான்கால் பெருக்கும்போது அது நான்கு துடிப்பாகிவிடும். படியேற்றத்தில் இறக்கம் 36 அன்று, 32 எனக் கொண்டால் அது சரிபாதி. ஓட்டத்தில் 36 அன்று, 40 எனக் கொண்டால் அதுவும் சரிபாதி. ஒவ்வொன்றிலும் ஒரு துடிப்பு பிசகினால் இவ்விரண்டின் வேறுபாடே மறைந்துபோகின்றது! அசையா நிலைக்கும் மற்றவற்றிற்கும் உள்ள வேறுபாடோ இத்தகைய பிழைக்குப் பின்னும் நிலைத்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு பயிற்சியையும் குறைந்தது மூன்று வெவ்வேறு நாட்களில் செய்து, சராசரி கண்ட பின்னரே சிறு வேறுபாடுகளைப் பற்றிப் பேசலாம்.

மற்றொரு தடை, தட்பவெப்பம். சென்னையில் வளர்ந்த பிள்ளைக்குப் புதிதாயிருக்கும் டில்லியின் குளிரும் கோடையும் இப்பரிசோதனையில் நன்கு புலப்படும். கோடையில் இருதயம் தசைகளுக்கு மட்டுமன்றி, வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் இரத்தத்தை அனுப்பவேண்டியுள்ளது. வியர்வையால் நீரும் குறைகின்றது. அதனால் நாடி அதிகம் ஏறித் தாமதமாகத் தணியும். ஜனவரியில் ஒரு முறையும் மே மாதத்தில் ஒரு முறையும் அளந்துவிட்டு, மாணவனின் திறன் குறைந்துவிட்டது என்று சொல்லலாகாது. பருவம் மாறியதையே அவ்வெண்கள் காட்டக்கூடும். உறக்கக் குறைவும், அண்மையில் வந்த காய்ச்சலும் இவ்வாறே செய்யும். நேரம், வெப்பநிலை, உணவுண்டு எவ்வளவு நேரமாயிற்று என்பவற்றையும் குறிப்பேட்டில் எழுதுக.

காய்ச்சல் உள்ள நாளில் இச்சோதனை கூடாது. இருதய நோயோ ஆஸ்துமாவோ உள்ள பிள்ளை மருத்துவரைக் கேளாமல் இதில் ஈடுபடலாகாது. மார்பு வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் அக்கணமே நிறுத்துக.

வகுப்பில் இருவரின் எண்கள் வேறுபட்டால், ஒருவரைத் திறமுள்ளவர், மற்றவரைத் திறமற்றவர் என்று பிரிக்க இச்சோதனை இடந்தராது. வயதாலும் உயரத்தாலும் வேறுபட்டவர்களுக்கு ஒரே படியும் ஒரே சுமையன்று. ஒரே மாணவனை, ஒரே படியில், ஒரே வேளையில், சில வாரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடுவதே இம்முறைக்குப் பொருந்திய பயன். அறிக்கையின் இறுதியில் மாணவன் எழுதவேண்டியதும் அந்த ஒப்பீடே.